நாயகமணியைத் தாண்டாத விரல்

கண்களை மூடிக்கொண்டு ஒரு ருத்ராட்ச ஜபமாலையை விரலால் தள்ளிப் பாருங்கள். எந்த மணியைத் தொட்டாலும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை ஆயிற்று, இன்னும் எத்தனை பாக்கி என்று விரலுக்கு ஒரு துப்பும் கிடைக்காது. அடுத்து கத்தோலிக்கர்களின் ஜெபமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நெருக்கமாக வரும். பிறகு வெறும் சங்கிலி, ஒற்றை மணி, மறுபடியும் சங்கிலி. அப்புறம் இன்னொரு பத்து. இருட்டில்கூட எந்த இடத்தில் இருக்கிறோம் என்று விரல் கண்டுபிடித்துவிடும்.

எண்ணிக்கை தவறாமல் இருக்கத்தான் இரண்டு மாலையும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. எண்ணும் வேலையைக் கையிடம் ஒப்படைத்துவிட்டு மனம் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஜபமாலையில் மனம் ஒரே மந்திரத்தில் நிற்க வேண்டும். ஜெபமாலையில் அது காட்சி காட்சியாக நடந்து போக வேண்டும். மணிகள் கோக்கப்பட்டிருக்கும் விதம் இந்த வித்தியாசத்தால் வந்ததுதான்.

ஐம்பத்து மூன்று மணி

கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை என்று சொல்வதுண்டு. ஆனால் மாலையில் உள்ள மணிகளை எண்ணினால் 59 வரும். சிலுவையிலிருந்து தொடங்கும் சிறு வாலில் ஐந்து மணிகள்: தனியாக ஒன்று, சேர்ந்தாற்போல் மூன்று, மறுபடி தனியாக ஒன்று. வால் போய்ச் சேரும் இடத்தில் மாதா உருவம் பொறித்த ஒரு பதக்கம். அங்கிருந்து வட்டம் ஆரம்பிக்கிறது. வட்டத்தில் பத்துப் பத்தாக ஐந்து தொகுதிகள், அவற்றுக்கு இடையே ஒற்றை மணிகள் நான்கு. ஒற்றை மணிகளை எல்லாம் சேர்த்தால் ஆறு. அவற்றில் சொல்வது இயேசு கற்பித்த பரலோக மந்திரம். மீதமுள்ள 53 மணிகளில் சொல்வது அருள் நிறைந்த மரியே என்ற மங்கள வார்த்தை ஜெபம். மாலைக்குப் பெயர் வந்தது இந்த 53-ஐ வைத்துத்தான்.

சொல்லும் முறை இது. சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, மாலையின் சிலுவையைக் கையில் பிடித்தபடி விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். முதல் ஒற்றை மணியில் பரலோக மந்திரம். அடுத்த மூன்று மணிகளில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றையும் வேண்டி மூன்று மங்கள வார்த்தை. பிறகு பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்குச் சொல்லும் திரித்துவப் புகழ். இதுவரை வாசற்படி ஏறியதுதான், வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. அடுத்து முதல் தேவ இரகசியம் இன்னது என்று அறிவிப்பார்கள். அதாவது இயேசுவின் அல்லது மரியாளின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி. அதை அறிவித்த பிறகு பரலோக மந்திரம் ஒன்று, மங்கள வார்த்தை பத்து, திரித்துவப் புகழ் ஒன்று. 1917-இல் போர்த்துகலின் பாத்திமாவில் நடந்ததாகச் சொல்லப்படும் காட்சிகளுக்குப் பிறகு, ஒவ்வொரு பத்தின் முடிவிலும் ஒரு சிறு மன்றாட்டும் சேர்ந்துகொண்டது. ஐந்து பத்தும் முடிந்ததும் கிருபை தயாபத்து மந்திரம். நேரமும் ஆளும் இருந்தால் மாதா மன்றாட்டு மாலையும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். அன்றைக்குத் துயர தேவ இரகசியங்கள். முதல் பத்து, கெத்சமனித் தோட்டத்தில் இயேசு இரத்த வியர்வை வியர்த்தது. இரண்டாவது, கல்தூணில் கட்டி அடிக்கப்பட்டது. மூன்றாவது முள்முடி, நான்காவது சிலுவை சுமந்தது, ஐந்தாவது சிலுவையில் இறந்தது. இரண்டாம் பத்து நடக்கும்போது வாய் சொல்லிக்கொண்டிருப்பது மங்கள வார்த்தையை. அந்தச் சொற்களில் கல்தூணும் இல்லை, சாட்டையும் இல்லை. ஆனால் மனம் அந்தத் தூணுக்கு எதிரே நிற்க வேண்டும். தமிழில் நிதானமாகச் சொன்னால் ஒரு மங்கள வார்த்தைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து விநாடி ஆகும். பத்துக்கு இரண்டு, இரண்டரை நிமிடம். ஒரு காட்சிக்கு மனத்துக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். அது முடிந்ததும் விரல் சங்கிலி இடைவெளியைத் தொடும். அடுத்த காட்சிக்குப் போக வேண்டும் என்று மனத்துக்குத் தெரிந்துவிடும். ஆக, இந்த மாலையில் மணி எண்ணிக்கை மட்டும் சொல்வதில்லை, நேரமும் சொல்கிறது. வாய், கை, மனம் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சொற்களைக் கவனித்தால் காட்சி போய்விடுகிறது, காட்சியைப் பிடித்தால் வாய் நின்றுவிடுகிறது. காட்சியில் ஊன்றிவிட்டுச் சொற்களைப் பின்னணியில் ஓடவிடுவது பழக்கத்தில்தான் வரும். தியானம் இல்லாமல் சொன்னால் ஜெபமாலை வெறும் இயந்திர ஒப்புவிப்பாகிவிடும் என்று திருத்தந்தை ஆறாம் பவுலே 1974-இல் எழுதிய மடலில் எச்சரித்திருக்கிறார்.

எந்தக் கிழமைக்கு எந்த வரிசை என்பதற்கும் ஒழுங்கு உண்டு. திங்கள், சனி மகிழ்ச்சி. அதில் வானதூதர் சொன்ன செய்தி முதல், காணாமற்போன சிறுவன் இயேசுவை ஆலயத்தில் கண்டெடுத்தது வரை வரும். செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. அதில் உயிர்ப்பும் விண்ணேற்றமும் முக்கியமானவை. வியாழன் ஒளி. இந்த ஒளியின் தேவ இரகசியங்களை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தது 2002 அக்டோபரில்தான். அதற்கு முன்பு குழந்தைப் பருவ நிகழ்ச்சியிலிருந்து நேரே கெத்சமனிக்குத் தாவும் வரிசைதான் இருந்தது. இயேசு திருமுழுக்குப் பெற்றதோ, கானாவூர்க் கலியாணமோ, இறுதி இராவுணவோ அதில் இல்லை. இன்றும் பழைய பதினைந்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 153 மணி ஜெபமாலை என்று அவர்கள் சொல்வது, பதினைந்து பத்துகளின் 150-உம் தொடக்கத்து மூன்றும் சேர்ந்த கணக்கு.

அந்த 150-க்கு ஒரு பின்கதை உண்டு. விவிலியத்தில் சங்கீதங்கள் 150. இடைக்கால ஐரோப்பிய மடங்களில் துறவிகள் அவற்றை லத்தீனில் ஓதினார்கள். படிக்கத் தெரியாத மடத்துப் பணியாளர்களும் ஊர்மக்களும் அதற்கு ஈடாகப் பரலோக மந்திரத்தை 150 முறை சொன்னார்கள். அதை எண்ணத்தான் மணிக்கயிறு. லண்டனில் புனித பவுல் பேராலயத்துக்கு அருகில் இருக்கும் ஒரு தெரு, இந்த மணி செய்கிறவர்களால் பரலோக மந்திரத்தின் லத்தீன் பெயரையே பெற்றது. மங்கள வார்த்தை மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவின் தோமினிக் என்ற கார்த்தூசிய மடத்துத் துறவி ஒவ்வொரு மங்கள வார்த்தையோடும் இயேசுவின் வாழ்க்கையிலிருந்து ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லும் முறையைப் பரப்பினார். தியானம் மாலைக்குள் நுழைந்தது இப்படித்தான். 1569-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ஜெபமாலைக்கு ஒரு நிலையான வடிவம் தந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அக்டோபர் 7-ஆம் தேதி லெபாந்தோ கடற்போரில் ஒட்டோமான் கப்பற்படை தோற்றது. அந்த நாள்தான் ஜெபமாலை மாதா திருநாள். அக்டோபரில் நம் ஊர் அன்பியக் குழுக்கள் மாதா சுரூபத்தை வீடு வீடாக எடுத்துப்போய் ஜெபமாலை சொல்வதற்கும் வேர் அங்கேதான்.

சிலுவைப்போர் வீரர்கள் கிழக்கிலிருந்து மணிமாலையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இந்தியாவிலிருந்து அரேபியா வழியாகப் போனதாகவும் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் வாழ்ந்த காடைவா சீமாட்டி, தான் ஜெபம் எண்ணிய இரத்தினக் கோவையை மாதா சுரூபத்தின் கழுத்தில் போடச் சொல்லி விட்டுப்போனதாக மால்ம்ஸ்பரியின் வில்லியம் என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார். அந்த அம்மையார் இறந்தது ஏறத்தாழ 1067-இல். முதல் சிலுவைப்போர் அறிவிக்கப்பட்டதோ 1095-இல். வில்லியத்தின் குறிப்பை நம்பினால் சிலுவைப்போர்க் கதை நிற்காது.

மேருவில் திரும்புதல்

இனி ஜபமாலைக்கு வருவோம். சிவாலயத்தில் தெற்குச் சுவரில் இருக்கும் தட்சிணாமூர்த்தியின் பின்கைகளில் ஒன்றைப் பாருங்கள். பல இடங்களில் அதில் ஓர் அட்சமாலை இருக்கும். பிரம்மா கையிலும் சரஸ்வதி கையிலும் அதே மாலை.

108 மணியும், அவற்றுக்கு வெளியே தலையில் ஒன்றும் கொண்டது வழக்கமான ஜபமாலை. தலையில் இருப்பதற்கு நாயகமணி என்றும் மேரு என்றும் பெயர். 54, 27 மணி மாலைகளும் உண்டு. அவற்றை இரண்டு அல்லது நான்கு முறை உருட்டினால் 108. இருபத்தேழு நட்சத்திரத்துக்கு நந்நான்கு பாதம் வீதம் 108 என்பதிலிருந்து தொடங்கி இந்த எண்ணுக்குச் சொல்லப்படும் காரணங்கள் ஏராளம். எண் நிலைத்த பிறகு கண்டுபிடித்த காரணங்கள்போலத்தான் அவற்றில் பல எனக்குப் படுகின்றன.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையில் இந்த மாலையைப் பற்றி ஒரு கைவினைஞரின் நுணுக்கத்தோடு எழுதியிருக்கிறார். நூல் எத்தனை இழை, மணிகளை முகத்தோடு முகமும் அடியோடு அடியும் பொருந்தும்படி எப்படிக் கோப்பது, இடையிடையே என்ன முடிச்சு, கடைசியில் இரண்டு நுனியையும் சேர்த்து நாயகமணியை எப்படி ஏற்றுவது என்று எல்லாம் வருகிறது. ஜபிக்கும்போது மணிகள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழக் கூடாது என்பதும் அவர் சொல்லும் விதிகளில் ஒன்று. வெறும் ஆசாரம்போலத் தோன்றும் இந்த விதியின் பயன், மாலையைக் கையில் எடுத்தால் புரியும். மணிகளுக்கு இடையே முடிச்சு இருந்தால் அவை மோதாது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விரலுக்கு அகப்படும். அவசரப்பட்டு இரண்டு மணியைச் சேர்த்துத் தள்ளவும் வராது. நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். முடிச்சில்லாத மாலையில், நூலை இறுக்கிக் கட்டாமல் ஒரு மணி நகரும் அளவுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணிகள் கட்டியாக நின்றுகொண்டு, எது தள்ளியது, எது தள்ளாதது என்றே தெரியாது.

வலது கையை நெஞ்சுக்கு நேரே வைத்து, மாலையை நடுவிரலின் மேல் தொங்கவிட்டு, கட்டைவிரலால் மணியை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுப்பது பொதுவான முறை. மோதிர விரலில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. ஆள்காட்டி விரல் படக் கூடாது என்பதில் மட்டும் ஏறத்தாழ எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். பிறரைச் சுட்டவும் அதட்டவும் பயன்படும் விரல் அது என்பது சொல்லப்படும் காரணம். கையும் மாலையும் வெளியே தெரியாதபடி மேல்துண்டால் மூடிக்கொள்வார்கள். அதற்கென்றே தைத்த கோமுகி என்ற பையும் கிடைக்கிறது.

நாயகமணிக்கு அடுத்த மணியில் முதல் மந்திரம். 108-ஆவது மணியில் கடைசி மந்திரம். அதற்கப்பால் இருக்கும் நாயகமணியில் மந்திரமும் இல்லை, அதைக் கடப்பதும் இல்லை. இரண்டாம் சுற்று வேண்டுமானால் மாலையைத் திருப்பிக்கொண்டு, எந்த மணியில் முடித்தோமோ அதையே முதல் மணியாக வைத்து வந்த வழியே போக வேண்டும். தொடக்கத்தில் இது கைக்கு வராது. இடது கையைத் துணைக்கு அழைக்கத் தோன்றும். கடைசி மணியைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே விடாமல் பிடித்தபடி, மாலையின் மீதிப் பகுதியை விரலின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டால் போதும். சில நாளில் கண் திறக்காமலே செய்யலாம்.

மேரு குருவின் இடம், அதை மீறக் கூடாது என்பது மரபு. அந்தத் தடைக்கு நடைமுறைப் பலனும் இருக்கிறது. ஒரே மாதிரியான 108 மணிகளில் விரலுக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் அதுதான். திரும்பியாக வேண்டும் என்பதால், அரைத்தூக்கத்தில் இருந்தாலும் அந்த இடத்தில் விழித்தாக வேண்டும். வட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு முதல் பத்துக்கே வந்துசேரும் ஜெபமாலையில் இப்படி ஒரு தடை தேவைப்படவில்லை. அங்கே பத்துக்கு ஒருமுறை சங்கிலியே தட்டி எழுப்பிவிடுகிறது.

வாய்விட்டுச் சொல்வது, தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி உதடசைத்துச் சொல்வது, உதடும் அசையாமல் மனத்துக்குள் சொல்வது என்று ஜபம் மூன்று வகை. முறையே வாசகம், உபாம்சு, மானசம் என்பார்கள். ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்று மனு சொல்கிறார். ஆனால் எடுத்த எடுப்பில் மானசத்தில் உட்கார்ந்தால் மாலை மட்டும் நகரும், மந்திரம் நின்றுபோயிருக்கும். மாலையின் எல்லை இங்கேதான். மணி தள்ளப்பட்டதற்கு அது சாட்சி சொல்லும், மந்திரம் சொல்லப்பட்டதற்குச் சொல்லாது. நழுவலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வழக்கமாக ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் ஆகும் என்றால், ஐந்து நிமிடத்தில் முடிந்த சுற்றைச் சந்தேகப்படுங்கள். ஒன்று சொற்களை விழுங்கியிருப்பீர்கள், இல்லை விரல் தாவியிருக்கும். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தால் நடுவில் எங்கோ தூங்கியிருக்கிறீர்கள்.

லட்சத்தை எண்ணுவது

ஒரு சுற்றை மாலை எண்ணிவிடும். சுற்றுகளை யார் எண்ணுவது? ஏ.சி. பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் 1966-இல் தொடங்கிய இஸ்கான் இயக்கத்தில் தீட்சை பெற்றவர்கள் துளசி மணி மாலையில் தினமும் பதினாறு சுற்று ஹரே கிருஷ்ண மகாமந்திரம் சொல்ல வேண்டும். 16 சுற்று என்றால் 1,728 முறை. பழகியவர்களுக்கு ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம், மொத்தம் இரண்டு மணி நேரம். மாலையைப் போட்டு வைத்திருக்கும் பையில் ஆள்காட்டி விரல் வெளியே வருவதற்கென்று ஒரு துளை இருக்கும். பையின் மேற்புறத்தில் சாட்சி மணிகள் என்று தனியாக ஒரு சிறு சரம் தொங்கும். ஒரு சுற்று முடிந்ததும் அதில் ஒரு மணியை நகர்த்துவார்கள்.

பெரிய எண்ணிக்கைக்கு வேறொரு கணக்கு. ஒரு மந்திரத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை லட்சம் முறை ஜபித்தால்தான் அது சித்திக்கும் என்பது ஆகம, தந்திர மரபுகளில் வழங்கும் விதி. பஞ்சாட்சரத்துக்கு ஐந்து எழுத்து, ஆகவே ஐந்து லட்சம். இங்கே ஒரு மாலையை 108 என்று கணக்கிடுவதில்லை, நூறு என்றே எடுத்துக்கொள்வார்கள். மீதி எட்டு, தப்பும் தவறுமாகப் போனவற்றுக்கு ஈடு. ஐந்து லட்சத்துக்கு 5,000 சுற்று. தினம் பத்துச் சுற்று என்றால் 500 நாள், ஒரு வருடமும் நான்கரை மாதமும். அந்த எட்டு எட்டாகச் சேர்ந்த உபரி மட்டும் 40,000. மனம் நழுவும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, நூற்றுக்கு எட்டு வீதம் தள்ளுபடி போட்டுவைத்த இந்தக் கணக்குதான் ஜபமாலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மாலையே இல்லாமலும் எண்ணலாம். சந்தியாவந்தனத்தில் காயத்ரி ஜபிக்கிறவர்கள் விரல் கணுக்களில் எண்ணுவதற்குக் கரமாலை என்று பெயர். வலது கை மோதிர விரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்து ஒன்று. அதே விரலின் அடிக்கணு இரண்டு. பிறகு சுண்டுவிரலின் அடி, நடு, நுனி மூன்று, நான்கு, ஐந்து. மோதிர விரல் நுனி ஆறு, நடுவிரல் நுனி ஏழு, ஆள்காட்டி விரல் நுனி எட்டு. அதே விரலில் இறங்கி நடு ஒன்பது, அடி பத்து. நடுவிரலின் நடுக்கணுவும் அடிக்கணுவும் விடுபட்டிருக்கும். அவைதான் இங்கே மேரு. விரல் அவற்றைச் சுற்றி வருமே தவிர மிதிக்காது. பத்து முடிந்ததும் இடது கையில் ஒரு கணு நகர்த்திக்கொண்டால் நூறு வரை குழப்பமில்லை.

இஸ்லாமியர்களின் தஸ்பீஹ் மணிக்கும் விரல்தான் மூலம். தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33 என்று 99 முறை சொல்லி, நூறாவதாக ஏகத்துவக் கலிமாவால் நிறைவு செய்வது ஒரு முறை. மூன்றாவதை 34 முறை சொல்லி நூறாக்குவது இன்னொரு முறை. 99 மணி மாலையில் 33-க்கு ஒருமுறை வேறு வடிவத்தில் ஒரு தடுப்பு மணி இருக்கும். கைக்கடக்கமான 33 மணி மாலையை மூன்று முறை உருட்டுகிறவர்களே அதிகம். நபிகள் நாயகம் விரல்களாலேயே எண்ணினார்கள் என்பதால் மணியே வேண்டாம் என்கிற மார்க்க அறிஞர்களும் உண்டு. கையில் ஓடும் மணி மற்றவர் பார்க்கும் காட்சியாகிவிடக் கூடாது என்பதும் அவர்கள் சொல்லும் கவலைகளில் ஒன்று. மேல்துண்டால் மாலையை மறைக்கச் சொன்ன சைவ மரபும் பயந்தது இதற்குத்தான்.

மூச்சின் கணக்கு

இத்தாலியின் பாவியா நகரைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேரை மங்கள வார்த்தையை லத்தீனில் சொல்ல வைத்தார்கள், திபெத்திய பௌத்தர்களின் ஓம் மணி பத்மே மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை என்ற அளவுக்குக் குறைந்தது. உடம்பில் இரத்த அழுத்தம் தானாகவே பத்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு தாளம் உண்டு. மூச்சு அதோடு இசைந்துபோனது. காரணம் எளிது. மங்கள வார்த்தை இரண்டு பாதியாக உள்ளது. முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். தன் பாதியை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் சொல்லும்போது மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி.

இதை வைத்துக்கொண்டு ஜெபமாலை இரத்த அழுத்தத்துக்கு மருந்து என்று கிளம்பிவிடக் கூடாது. ஆட்கள் குறைவு, அளந்தது அந்த நேரத்து மூச்சையும் இதயத் தாளத்தையும்தான். தவிர, நாலு விநாடிக்கு ஒரு மந்திரம் என்று வேகமாக ஓடும் ஜபத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் வீட்டில் ஜெபமாலையை ஆளுக்கு ஒரு பத்தாகப் பகிர்ந்து, ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடிக்கும் வழக்கம் ஏன் களைப்பில்லாமல் நடக்கிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது. தனியாக ஒரே ஆள் ஐந்து பத்தும் சொல்லிப் பார்த்தால் மூன்றாவது பத்திலேயே தொண்டை வறண்டுவிடும். குடும்பமாகச் சொல்லும்போது சிறுபிள்ளை நடத்தும் பத்தில் ஒன்பதோ பதினொன்றோ ஆகிவிடுவதுண்டு. மாலை பிள்ளையின் கையில் இருந்தாலும் கண் அடுக்களையில் இருக்கும். யாரும் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. ஜெபமாலையில் எண்ணிக்கை தவறியதற்குப் பரிகாரம் என்று ஒன்றும் கிடையாது.

வாங்கும்போது

கழுத்தில் போடுவதற்கு ஒரு மாலை, ஜபிப்பதற்கு ஒரு மாலை என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதே முறை. சபரிமலைக்குப் போகிறவர்கள் அணியும் துளசி மணியும் ருத்ராட்சமும் விரத மாலைகள், எண்ணுவதற்கானவை அல்ல. ஜெபமாலையை வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்கள் கழுத்தில் அணிந்துகொள்கிறார்கள். ஆனாலும் அது ஜெபிக்கத்தான், ஆபரணம் அல்ல என்பதைப் பங்குச் சாமியார்கள் அவ்வப்போது நினைவூட்டத்தான் செய்கிறார்கள்.

சைவர்களுக்கு ருத்ராட்சம், வைணவர்களுக்குத் துளசி, அம்மன் உபாசனைக்கு ஸ்படிகம், லட்சுமிக்குத் தாமரை மணி என்று பொருளில் வழக்கம் உண்டு. பொருளைவிட அளவைக் கவனியுங்கள் என்பேன். 8 மில்லிமீட்டர் மணி 108 கோத்தால் சுற்றளவு முடிச்சில்லாமலே 86 சென்டிமீட்டர் வரும். கையில் தொங்கவிட்டால் ஒரு முழம்கூட இல்லை. கடைகளில் பெருமையாகத் தொங்கும் 20 மில்லிமீட்டர் ருத்ராட்சத்தில் அதே 108 மணிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஆகிவிடும். அதை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் ஜபிக்க முடியும். பாதியில் கை வலிக்கும். ஜபத்துக்குப் பொதுவான ஐந்து முகம் போதும். அபூர்வ முகம் என்று அதிக விலை சொன்னால் மணியைக் கிட்டத்தில் பாருங்கள். முகக் கோடுகள் மேலிருந்து கீழ்வரை இயல்பாக ஓடியிருக்க வேண்டும். அரத்தால் கீறிய கோடு நேராகவும் ஆழம் ஒரே மாதிரியாகவும் இருக்கும். இரண்டு மணியை ஒட்டியிருந்தால் சந்தில் பசை தெரியும். தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். நன்றாக உலர்ந்த அசல் கொட்டையும் மிதக்கும்.

ஜெபமாலையில் கம்பி வளையம் போட்டுக் கோத்தவை மலிவு. அவை அறுவது பெரும்பாலும் பதக்கத்தை ஒட்டிய வளையத்தில். சட்டைப்பையில் வைத்து இழுக்கிறபோது பாரம் முழுக்க அங்கே விழுகிறது. சிறு குறட்டால் வளையத்தை நெருக்கிவிட்டால் சரியாகிவிடும். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கோத்தவை பல வருடம் வரும். அதே மாலையில் வேறு ஜெபங்களும் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாலை மூன்று மணிக்குச் சொல்லும் இறை இரக்க ஜெபமாலைக்கு வேறு மாலை தேவையில்லை, மணிக்கு மணி மன்றாட்டுதான் மாறும். மாதாவின் ஏழு வியாகுலங்களுக்கு உரிய மாலை மட்டும் வேறு. அதில் பத்துக்குப் பதிலாக ஏழேழு மணிகள் ஏழு தொகுதிகளாக இருக்கும்.

சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலை சீர்செய்ய முடியாதபடி சிதைந்துபோனால், குப்பையில் போடாமல் மண்ணில் புதைப்பார்கள், இல்லையென்றால் எரித்துவிடுவார்கள். ஜபமாலையில் கெடுவது பெரும்பாலும் நூல்தான். மணி வருடக்கணக்கில் விரல் பட்டுப் பளபளப்பாகிக்கொண்டே இருக்க, உள்ளே பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். முடிச்சுகளுக்கு இடையே மணி தளர்ந்து ஆட ஆரம்பித்தால் அறுவதற்குக் காத்திருக்காமல் பிரித்துவிடுவது நல்லது. பழைய மணிகளை எண்ணிச் சரிபார்த்து, புது நூலில் கோத்து, அதே நாயகமணியை ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம்.